கடைத்தெருவில் வசனத்தைத் தெளிவாகப் பதிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்படம் எடுப்பவர்களும் முதல் படத்துக்குத் தயாராகிறவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே காட்சிதான் உதாரணம். நாற்சந்திக்கு அருகே, மூடிக்கிடக்கும் ஒரு கடையின் வாசலில் அண்ணனும் தம்பியும் நின்று இரண்டு நிமிடம் பேசுகிறார்கள். ஒரு பக்கம் சிக்னல் உள்ள சாலை. எதிரே ஒலிபெருக்கியில் பாட்டு போடும் கடை. கொஞ்சம் தள்ளி ஒரு ஜெனரேட்டர். வசனத்தை நடிக்கும் இடத்திலேயே பதிய வேண்டும்.

விலை கூடின மைக்காக எடுத்தால் சாலை இரைச்சல் வராதுதானே?

வரும். எது வசனம், எது லாரி என்று எந்த மைக்குக்கும் தெரியாது. வாயிலிருந்து மைக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கணக்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். வண்டிகள் ஓடும் சாலையின் ஓரம் 70 முதல் 75 வரை இருக்கும். அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் குரல் இரைச்சலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கிறது.

தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். சாலை இரைச்சலோ நாலா பக்கமிருந்தும் வருவதால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மைக்கை 50 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் 66, 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 72. அப்போதும் சாலையோரத்தில் இரண்டும் சமம் என்ற நிலைதான். வசனம் சிரமமில்லாமல் புரிய, குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும்.

ஆகவே மைக்கை நெருக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, இரைச்சல் 60 டெசிபலுக்குக் கீழே இருக்கும் ஓர் இடத்தைத் தேடுவது. கடை வாசல் சாலையை ஒட்டி இல்லாமல், பக்கச் சந்துக்குள் பத்து மீட்டர் தள்ளி இருந்தாலே கதை மாறிவிடும். கட்டட மூலை சாலைக்கும் மைக்குக்கும் நடுவே வந்துவிடுகிறது அல்லவா? சாலை ஓசையின் கூர்மையான பகுதி அங்கேயே மழுங்கிவிடும்.

லொகேஷன் பார்க்கப் போகும்போது ஒலிக்காக என்ன கவனிக்க வேண்டும்?

ஷூட்டிங் நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் போங்கள். ஞாயிறு காலையில் பார்த்துவிட்டு வெள்ளி மாலையில் போய் நின்றால் வேறு ஊருக்கு வந்ததுபோல இருக்கும். போனதும் ரெக்கார்டரை இயக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஹெட்போன் இல்லாமல் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரே மாதிரி வரும் ஓசையை மூளை தானாகவே ஒதுக்கிவிடும். மைக் அப்படி ஒதுக்காது.

பிறகு யாரையாவது உண்மையான வசனத்தை வாசிக்கச் சொல்லி, மைக் எங்கே இருக்கப்போகிறதோ அங்கிருந்தே பதிந்து வாருங்கள். அந்த ஒரு நிமிடப் பதிவை இயக்குநருக்குப் போட்டுக்காட்டினால் நீண்ட விவாதம் மிச்சம்.

ஒவ்வொரு ஓசையையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: நிறுத்தக்கூடியது, காத்திருந்து தவிர்க்கக்கூடியது, ஒன்றும் செய்ய முடியாதது. நம் காட்சியில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் முதல் வகை. யாரிடம் பேச வேண்டும், எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். சிக்னல் இரண்டாம் வகை. பச்சை விழுந்ததும் எல்லா வண்டிகளும் ஒருசேர உறுமிக் கிளம்பும். பிறகு ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளி எத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். நாற்பது வினாடி கிடைத்தால், இரண்டு நிமிடக் காட்சியை மூன்று நான்கு துண்டாக எடுக்கலாமா என்று இயக்குநரிடம் அப்போதே கேட்டுவிடலாம்.

எல்லா இரைச்சலும் ஒன்றுதானே? சத்தம் குறைவாக இருந்தால் போதாதா?

போதாது. எதிர்க்கடைப் பாட்டு சாலையைவிட மெதுவாகத்தான் கேட்கும். ஆனாலும் ஆபத்து அதில்தான். அண்ணன் கேட்கும் கேள்வியை இரண்டாவது டேக்கிலிருந்தும், தம்பியின் பதிலை ஐந்தாவது டேக்கிலிருந்தும் எடிட்டர் எடுத்து ஒட்டுகிறார் என்று வையுங்கள். பின்னால் ஒலிக்கும் பாட்டு பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவும். பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ இடறுவது தெரிந்துவிடும். பாட்டின் உரிமைப் பிரச்சினை தனி.

சீராக ஓடும் சாலை இரைச்சலுக்கு முகம் கிடையாது. எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டினாலும் பொருந்திப்போகும். ஆகவே அடையாளம் தெரியும் ஓசைகளை முதலில் நிறுத்துங்கள்: பாட்டு, அறிவிப்பு, பக்கத்தில் நிற்பவர் பேச்சு, ஒரே நாயின் குரைப்பு. ஹார்ன் இரண்டுக்கும் நடுவே வரும். சொற்களுக்கு இடையில் விழுந்தால் வெட்டி எறிந்துவிடலாம். ஒரு சொல்லின் மேல் விழுந்தால் அந்தச் சொல் போனது போனதுதான்.

நடிகர்களை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது? அது கேமராக்காரர் முடிவுதானே?

அவர் முடிவுதான். ஆனால் அவர் முடிவெடுப்பதற்கு முன் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். பூம் மைக் நடிகரின் முன்னால், தலைக்கு மேலிருந்து, வாயை நோக்கிச் சாய்ந்து நிற்கும். நடிகர் சாலையைப் பார்த்து நின்றால் மைக்கின் முதுகு சாலைக்குத் திரும்பிவிடும். அது நமக்கு நல்லது. நடிகருக்குப் பின்னால் சாலை இருந்தால் மைக் சாலையையும் சேர்த்தே நோக்கும்.

இரண்டு பேர் எதிரெதிரே பேசும் காட்சியில் இது இன்னும் சிக்கலாகிறது. அண்ணன் முகம் சாலைக்கும், தம்பி முகம் கடைக்கும் திரும்பியிருந்தால் அண்ணன் வசனம் சுத்தமாகவும் தம்பி வசனம் இரைச்சலோடும் பதிவாகும். ஷாட் மாறும்போதெல்லாம் சாலை பொங்கி அடங்கும். இதைத் தவிர்க்க, இருவரையும் இணைக்கும் கோடு சாலைக்கு இணையாக வரும்படி நிறுத்துங்கள். அப்போது இரண்டு பக்க ஷாட்டிலும் சாலை மைக்கின் பக்கவாட்டில்தான் இருக்கும். இரைச்சல் ஒரே அளவில் விழும். வசனத்தின் தரத்துக்கு நான் கேட்கும் சலுகை ஒன்றே ஒன்று என்றால், இதைத்தான் கேட்பேன். செலவில்லாத சலுகையும் இதுதான்.

நடிகருக்குப் பின்னால் உள்ள மூடிய இரும்புக் கதவையும் மறந்துவிடாதீர்கள். சாலை ஓசை அதில் மோதித் திரும்பி நேராக மைக்குக்குள் வரும். ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும் பகுதியில் தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டால் இந்த எதிரொலி குறையும். நேராக வரும் இரைச்சலைக் கம்பளி தடுக்காது. பலர் அதை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள்.

ஷாட்கன் மைக் இருந்தால் பத்தடி தள்ளி நின்றே பிடித்துவிடலாம் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் அமைதியான வெட்டவெளியில் மட்டும் பதிந்திருப்பார்கள். ஷாட்கன் மைக்கின் நீண்ட குழாய், பக்கவாட்டிலிருந்து வரும் கூர்மையான ஓசைகளைத்தான் நன்றாகக் குறைக்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் அந்தக் குழாயின் வேலை எடுபடுவதில்லை. லாரி, ஜெனரேட்டர் உறுமலில் பெரும்பகுதி அந்தத் தாழ்ந்த அதிர்வெண்தான்.

குறுகலான சந்து என்றால் இன்னொரு தொல்லை. இரண்டு சுவர்களிலும் மோதி வரும் குரலைக் குழாய் ஒழுங்காகக் கையாளாது. நடிகர் தலையைத் திருப்பும்போதெல்லாம் குரலின் நிறம் மாறும். அங்கே குழாய் இல்லாத, குட்டையான, முன்பக்க ஓசையையே அதிகம் பிடிக்கும் ஹைப்பர்கார்டியாய்ட் மைக் மேல். எதுவானாலும் ஃப்ரேம் விளிம்பை உரசும் அளவுக்கு நெருங்கி, 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வைத்திருங்கள். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

காலர் மைக் மாட்டிவிட்டால் பூம் தேவையில்லைதானே?

வைட் ஷாட்டில் காலர் மைக்தான் கைகொடுக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருப்பதுதான் அதன் பலம். அது எல்லாத் திசையும் கேட்கும் மைக் என்றாலும் அந்த நெருக்கம் ஈடுகட்டிவிடும். ஆனால் மோவாய்க்குக் கீழே, துணிக்குள் இருப்பதால் ‘ச்’, ‘த்’, ‘ப்’ போன்ற மெய்யெழுத்துகளின் கூர் மழுங்கும். தம்பி தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தால் குரலும் கூடவே திரும்பிப்போகும்.

துணி உரசல்தான் பெரிய தலைவலி. மைக்கைத் துணியில் வெறுமனே செருகாமல், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை முக்கோணமாக மடித்து, சட்டையின் இரு மடிப்புகளும் மைக்கோடு சேர்ந்தே அசையும்படி ஒட்டுங்கள். மைக்குக்குக் கீழே வயரைச் சின்ன வளையமாகச் சுற்றி ஒட்டினால் இழுப்பு மைக் வரை போகாது. மொறுமொறுப்பான செயற்கைத் துணியையும் கஞ்சி போட்ட சட்டையையும் தவிர்க்கும்படி உடை பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூமையும் காலர் மைக்கையும் தனித்தனி டிராக்கில் பதியுங்கள். ஒரு சொற்றொடருக்கு ஒன்றையே பயன்படுத்துங்கள். இரண்டையும் கலந்தால், பூமுக்கு ஒலி ஓரிரு மில்லிவினாடி தாமதமாகச் சேர்வதால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்; குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஆகும்.

ரெக்கார்டரில் லெவல் எவ்வளவு வைக்க வேண்டும்? 32 பிட் ஃப்ளோட் இருந்தால் கவலையில்லையா?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சு மீட்டரில் -20 அருகே உலவட்டும், உச்சம் -10ஐ எட்டினால் போதும். 32 பிட் ஃப்ளோட், லெவல் தவறினால் காப்பாற்றும். ஆனால் வசனத்தின் மேல் ஏறிய ஹார்னை இறக்கிவிடாது; குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி பதியும்போது எவ்வளவோ அவ்வளவுதான்.

தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ-கட் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸ் அருகே போட்டுக்கொள்ளலாம். காற்றடிக்கும் இடத்தில் மைக்குக்கு உரோம உறை கட்டாயம். காற்றின் மோதலைப் பிறகு எந்த வடிகட்டியாலும் சுத்தமாக நீக்க முடியாது.

எந்த ஷாட்டை எப்போது எடுக்கச் சொல்வது?

வழக்கமாக முதலில் வைட் ஷாட், பிறகு குளோசப் என்று போவார்கள். இரைச்சலான இடத்தில் ஒலிக்கு இது நேர்மாறாக அமைந்துவிடும்: அமைதியான விடிகாலை வைட் ஷாட்டில் செலவாகி, கடைகள் திறந்தபின் குளோசப் வரும். வெளிச்சம் இடம் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். பூம் நெருங்க முடிவது குளோசப்பில்தான், அமைதியும் அப்போதே கிடைத்தால் அந்த வசனமே காட்சி முழுவதற்கும் முதுகெலும்பு. வைட் ஷாட்டில் உதடு சரியாகத் தெரியாது. குளோசப்பில் பதிந்த வசனத்தையே அங்கும் பொருத்தலாம். நடிகர்கள் ஒரே வேகத்தில் பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் காட்சியில் நான் இப்படிப் பிரிப்பேன்: எதிர்க்கடை திறக்கும்முன் தம்பியின் குளோசப், அண்ணனின் குளோசப். பாட்டு தொடங்கியபின், கடைக்காரர் நிறுத்தித் தரும் நேரத்தில், இருவரும் சேர்ந்த மிட் ஷாட். வண்டிகள் பெருகியபின் வைட் ஷாட்டும் வசனமில்லாத ஷாட்டுகளும். ஒரு குளோசப்பில் ஒரு சொல் கெட்டிருந்தால், நடிகர் நகர்வதற்குள் கேமரா இல்லாமல் அந்த வரியை இரண்டு மூன்று முறை சொல்லச்சொல்லிப் பதிந்துவிடுங்கள். அந்த உணர்வும் அந்த மூச்சும் அப்போது அப்படியே இருக்கும். மறுநாள் கேட்டால் வராது.

இரண்டு கேமராவில் வைட், குளோசப் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுப்பதை மட்டும் எதிர்த்துச் சொல்லுங்கள். வைட் ஃப்ரேமுக்காகப் பூம் மேலே போய்விட, குளோசப்பும் தூரத்து ஒலியோடு வரும்.

பின்னால் நடமாடும் துணை நடிகர்கள் பேசினால்தானே இயல்பாக இருக்கும்?

பார்ப்பதற்கு இயல்பாக இருந்தால் போதும். வாயை அசைக்கட்டும், ஓசை வரக்கூடாது. செருப்புக்கு அடியில் ரப்பரோ துணியோ ஒட்டிவிடுங்கள். அவர்களுடைய பேச்சை, காட்சி முடிந்தபின் தனியாக ஒரு நிமிடம் பேசச்சொல்லிப் பதியுங்கள்.

அமைதியான இடத்தில் பதிந்தால் நடிகர் மெதுவாகப் பேசுகிறார். சாலைக் காட்சியில் அது ஒட்டவில்லையே?

நல்ல கேள்வி, பலர் எடிட்டிங் அறையில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். இரைச்சலில் நிற்கும் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். உயிரெழுத்துகளை நீட்டுவார், சுருதியும் ஏறும். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லோம்பார்டு 1911இல் இதைப் பற்றி எழுதியதால் லோம்பார்டு விளைவு என்றே இதற்குப் பெயர். அமைதியில் முணுமுணுத்த வசனத்தின் அடியில் லாரியை ஓட்டினால், லெவலை எவ்வளவு ஏற்றினாலும் பொய் தெரியும். குரலின் உரப்பு வேறு, ஒலியின் அளவு வேறு.

தீர்வு எளிது. டேக்குக்கு முன் சாலைப் பதிவை ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டு, அதற்கு மேல் பேசி ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு டேக் போங்கள். ஒன்றிரண்டு டேக்கில் குரல் பழையபடி இறங்கும், மறுபடி போட்டுக்காட்டுங்கள். குரல் உயர்ந்தால் உங்களுக்குச் சில டெசிபல் லாபமும் கிடைக்கிறது. கத்தவிடக்கூடாது. கத்தலில் நடிப்பு மாறிவிடும்.

வசனம் இவ்வளவு சுத்தமாக இருந்தால் கடைத்தெரு செத்துப்போனதுபோல இருக்காதா?

இருக்கும். அதனால்தான் கடைத்தெருவைத் தனியாகப் பதிய வேண்டும். வசனத்தில் கலந்துவிட்ட ஹார்னை நகர்த்த முடியாது; தனியாகப் பதிந்த ஹார்னை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஷூட்டிங் நாளிலேயே, நாற்சந்தியிலும் சந்துக்குள்ளும் ஐந்து ஐந்து நிமிடம் ஸ்டீரியோவில் பதியுங்கள். ஒவ்வொரு கேமரா நிலை முடிந்ததும், எல்லோரையும் அசையாமல் நிற்கச்சொல்லி, வசனம் பதிந்த அதே மைக்கில் அதே இடத்தில் ஒரு நிமிடம் வெறும் இடத்தின் ஓசையையும் பிடியுங்கள். வெட்டுகளின் இடைவெளியை நிரப்ப எடிட்டருக்கு அது வேண்டும்.

கலக்கும்போது முதல் ஷாட்டில் தெரு முழு வீச்சில் கேட்கட்டும். ஒரு பஸ் கடந்து போவதைப் படத்திலும் காட்டுங்கள். அண்ணன் பேசத் தொடங்கியபின் ஆறேழு வினாடியில் தெருவை மெல்ல இறக்குங்கள். இறங்கியதை யாரும் கவனிக்கமாட்டார்கள். தெரு எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தம்பி பதில் சொல்லாமல் நிற்கும் அந்த இரண்டு வினாடியில் ஒரு ஹார்னை வையுங்கள். சொல்லைத் தெளிவாக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருப்பதால், வசனம் ஓடும்போது தெருப் பதிவில் அந்தப் பகுதியைச் சற்றுக் குறைக்கலாம். தெருவின் உறுமல் அப்படியே இருக்கும், சொல்லும் புரியும்.

மிஞ்சிய இரைச்சலை மென்பொருளில் நீக்கிவிடலாமே?

சீரான இரைச்சலைக் கொஞ்சம் நீக்கலாம். நாலைந்து டெசிபல் குறைத்தாலே, மேலே சொன்ன தெருப் பதிவு மீதியை மூடிவிடும். முழுவதும் துடைக்கப் பார்த்தால் சொல்லின் கடைசி எழுத்துகள் தேய்ந்து, குரலுக்குப் பின்னால் நீர் கொப்பளிப்பதுபோல ஓர் ஓசை வரும். நீக்கியதை மட்டும் தனியே கேட்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதில் சொற்கள் புரிந்தால், இரைச்சலோடு வசனத்தையும் எறிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே அளவைக் குறையுங்கள்.

ஒரு வரியை டப்பிங்குக்கு அனுப்புவதா, லொகேஷன் ஒலியையே வைத்துக்கொள்வதா என்று எப்படி முடிவெடுப்பது?

வசனம் மனப்பாடமான உங்கள் காது இதற்கு உதவாது. திரைக்கதையைப் படிக்காத ஒருவருக்கு, படத்தைக் காட்டாமல், சாதாரண போன் ஸ்பீக்கரில் மெதுவான லெவலில் அந்த வரியைப் போட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், இரைச்சல் சற்று இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சொல் மட்டும் தடுக்கினால், வேறு டேக்கிலிருந்தோ, கேமரா இல்லாமல் பதிந்த வரியிலிருந்தோ அந்த ஒரு சொல்லை எடுத்து ஒட்டிப்பாருங்கள். பெரும்பாலும் உதட்டோடு பொருந்தும்.

அதுவும் முடியாவிட்டால் டப்பிங். அப்போது ஒரு வரியை மட்டும் மாற்றாமல், அந்த ஷாட்டில் அந்த நடிகர் பேசும் எல்லா வரிகளையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு விதக் குரல் ஒரே ஷாட்டுக்குள் மாறி மாறி வருவதுதான் காதை உறுத்தும். ஸ்டூடியோவிலும் லொகேஷனில் பயன்படுத்திய அதே மைக்கை, அதே தூரத்தில் வையுங்கள். நடிகரை உட்காரவிடாமல் நிற்கவையுங்கள், ஹெட்போனில் சாலைப் பதிவை ஓடவிடுங்கள். காரணம் லோம்பார்டு பதிலில் இருக்கிறது.